தேன் பாட்டிலும் நாலு கட்டமும்

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ துருத்தி ஊதுவது போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அக்னஸ் கையிலிருந்த சோதனைக் குழாயை ஸ்டாண்டில் வைத்துவிட்டுக் காது கொடுத்தாள். இளைப்புக்காரர் மூச்சு இப்படி இருக்காது. அதில் விசில் சத்தம் கேட்கும். இது நீளமான, ஆழமான, நிற்காத மூச்சு. அவளுடைய அப்பா அமிர்தராஜ் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் கொல்லுலைப் பிரிவில் இருந்தார். சிறு வயதில் சாப்பாட்டுக் கூடை கொண்டுபோகும்போது கேட்ட சத்தம் அது. மனுஷ நெஞ்சிலிருந்து அந்தச் சத்தம் வந்து அவள் கேட்டதில்லை.

"என்னங்க லேபம்மா, என் பரீட்சை என்னாச்சு? பாஸா, ஃபெயிலா?" என்றார் எதிரே ஸ்டூலில் இருந்த ஜெகபர் அலி. குடை ரிப்பேர் கடைக்காரர். பத்து வருஷத்துச் சர்க்கரைக்காரர். மாதம் ஒரு தரம் வந்து இதே கேள்வியைக் கேட்டு இதே சிரிப்பைச் சிரிப்பார்.

"சர்க்கரை ரெண்டு பிளஸ். கீட்டோன் இல்லை, புரதம் இல்லை, ரத்தம் இல்லை. ஒரு பாடத்துல ஃபெயிலு பாய். நேத்து யார் வீட்டுக் கல்யாணம்?"

"மச்சான் மவன் கல்யாணம். வாயில கூட வைக்கலைங்க."

"வாய் பொய் சொல்லும். இந்தக் குச்சி சொல்லாது. கீட்டோன் இல்லாததால பயமில்லை. டாக்டரைப் பாத்து மாத்திரையைச் சரி பண்ணிக்கிட்டுப் போங்க."

அவர் போனதும் மறுபடி அந்த மூச்சு. ஹூ... ஹூ... என்று, அளந்து விட்டது போல.

திருவானைக்காவல் மெயின் ரோட்டில் டாக்டர் பாக்கியநாதனின் கிளினிக்கில் அக்னஸ் லேப் வேலைக்கு வந்து ஒன்பது வருஷமாகிறது. அன்று 1984, மார்கழி. முதல் நாள் வைகுண்ட ஏகாதசி. ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் திறந்து, லட்சம் பேர் வந்து போய், ஆற்றுப் பாலத்திலிருந்து கோபுரம் வரை சாலை இன்னும் நெரிசலாகவே இருந்தது. நாற்பத்தோரு வயது அக்னஸுக்கு. கல்யாணம் ஆகவில்லை. தங்கைகள் இரண்டு பேரைக் கரையேற்றி முடித்தபோது தன் வயது கரையைத் தாண்டியிருந்தது. அதை அவள் குறையாகச் சொல்லிக் கேட்டவர்கள் இல்லை. கேட்டால், "எனக்கென்ன, தினம் நாப்பது பேரு பாட்டிலோட என்னைத் தேடி வராங்க" என்பாள்.

அவள் படித்த காலத்தில் சிறுநீரைக் குழாயில் ஊற்றி, நீலமான பெனடிக்ட் கரைசலைச் சேர்த்து, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைத்துத்தான் சர்க்கரை பார்க்க வேண்டும். புரதத்துக்கு இன்னொரு குழாயைக் காய்ச்ச வேண்டும். இப்போது எல்லாம் ஒரு பிளாஸ்டிக் குச்சியில் வந்துவிட்டது. மெட்ராஸிலிருந்து வரும் சின்னப் பாட்டில். குச்சியின் நுனியில் வரிசையாகச் சிறு சிறு கட்டங்கள். அவற்றில் அக்னஸ் ஒருநாளும் பார்க்காமல் விடாதவை நாலு: புரதம், சர்க்கரை, கீட்டோன், ரத்தம். டாக்டர் சீட்டில் ஒன்றை மட்டும் கேட்டிருந்தாலும் நாலையும் படித்து நாலையும் எழுதுவாள்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தின் பெயர் வேலம்மாள்.

1974-ல் அக்னஸ் வேறொரு பிரசவ விடுதியில் இருந்தாள். எட்டு மாதக் கர்ப்பிணி வேலம்மாள் வீங்கிய காலோடு நடந்து வந்தாள். செருப்பு நுழையவில்லை என்று சிரித்துக்கொண்டே வெறுங்காலோடு நின்றாள். சீட்டில் 'சர்க்கரை' என்று மட்டும் எழுதியிருந்தது. அக்னஸ் சர்க்கரை மட்டும் பார்த்தாள். இல்லை என்று எழுதி அனுப்பினாள். மறுநாள் வேலம்மாளுக்கு வலிப்பு கண்டது. ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. தாய் பிழைத்தாள். குழந்தை இல்லை. சேதி கேட்ட அக்னஸ் ஓடிப்போய், கொட்டாமல் விட்டிருந்த மிச்சச் சிறுநீரைக் குழாயில் ஊற்றிக் காய்ச்சினாள். இரண்டு சொட்டு அமிலம் விட்டதும் அது உறைந்த தயிர் போல வெள்ளையாகத் திரண்டு நின்றது. அவ்வளவு புரதம், வலிப்பு வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லும் அறிகுறி. அவள் கையில்தான் இருந்திருக்கிறது, ஒரு நாள் முழுவதும்.

யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. சீட்டில் கேட்கவில்லையே. ஆனால் அந்தத் தயிர் பத்து வருஷமாக அவள் கண்ணுக்குள் கிடந்தது.

கம்பவுண்டர் ஒரு பாட்டிலையும் சீட்டையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "அந்த மூச்சு வாங்குற பொண்ணோடதும்மா. ரெங்கராஜ் மக. ஸ்ரீரங்கத்துல பூக்கடை வச்சிருக்காரே, அவரு."

சீட்டில் 'ராசாத்தி, 14 வயது. வாந்தி, வயிற்று வலி. ஏகாதசி விரதம்' என்றிருந்தது. கீழே: 'சிறுநீர்: சீழ் உண்டா?'

அக்னஸ் பாட்டிலைச் சுழற்றிக் கலக்கி, குச்சியை நனைத்து, விளிம்பில் வழித்து எடுத்தாள். கட்டங்களில் விரல் படாமல் படுக்கையாகப் பிடித்து, அப்பாவின் பழைய கைக்கடிகாரத்தில் விநாடி முள்ளைப் பார்த்தாள். சர்க்கரைக்கு அரை நிமிடம். கீட்டோனுக்கு அதற்குச் சற்று மேல். ரத்தத்துக்கும் புரதத்துக்கும் ஒரு நிமிடம். அதற்கு முன்னும் படிக்கக் கூடாது, ரொம்பப் பின்னாலும் படிக்கக் கூடாது. ஒரு தரம் கம்பவுண்டர் குச்சியை நனைத்து வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்து படித்து, நல்லாயிருந்த ஒரு வாத்தியாரைச் சர்க்கரைக்காரர் ஆக்கிவிட்டார்.

அரை நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. நீலப்பச்சைக் கட்டம் கண்ணெதிரே பச்சையாகி, பழுப்பாகி, கரும்பழுப்பில் போய் நின்றது. வண்ண அட்டையில் கடைசி நிறம். நாலு பிளஸ். கீட்டோன் கட்டம் வெளிர் சந்தன நிறத்திலிருந்து ரோஜாவாகி, நாவல் பழத்தை நசுக்கினது போலக் கறுத்தது. ரத்தக் கட்டம் மஞ்சளிலிருந்து பச்சை. புரதம் லேசாக, இருக்கிறதா இல்லையா என்னும் அளவுக்கு.

அவள் அட்டையைப் பக்கத்தில் வைத்து மறுபடி பார்த்தாள். பிறகு டாக்டர் அறைக்கு நடந்தாள்.

டாக்டர் பாக்கியநாதன் கைக்குட்டைக்குள் தும்மிக்கொண்டிருந்தார். மார்கழிச் சளி. நாலு நாளாக அவருக்கு மூக்கு முழுசாக அடைத்திருந்தது.

"நாலு பிளஸ்ஸா?" என்றார். "பாட்டிலைக் கொண்டாங்க."

கொண்டு வந்தாள். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மூடியின் மரையில் பொன்னிறமாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார். பிசுபிசுத்தது.

"தேன் பாட்டில் அக்னஸ். மலைத்தேன். நம்ம ஜனங்களுக்குத்தான் தெரியுமே, வீட்டுல எது காலியா இருக்கோ அதுல புடிச்சுக் கொண்டாருவாங்க. போன வாரம் ஊறுகாய் ஜாடி. தேன் இருந்தா குச்சி சர்க்கரை காட்டத்தானே செய்யும்?"

"கீட்டோன், சார்?"

"நேத்து முழுக்கப் பட்டினி. பட்டினி கிடந்தா கொழுப்பு எரியும், கீட்டோன் வரும். இன்னிக்கு இந்த ரோட்டுல போற பாதி பேருக்கு வரும். ரத்தம், வயசுப் பொண்ணு, மாத விலக்கா இருக்கும். கேட்டுப் பாருங்க. வாந்திக்கு ஊசி போட்டுட்டேன். குளுக்கோஸ் தண்ணி குடுத்து வீட்டுக்கு அனுப்பிடலாம்."

அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. தேனும் உண்மை, விரதமும் உண்மை. தனித்தனியாக எடுத்தால் ஒன்றிலும் பயமில்லை. அக்னஸ் கதவருகே நின்றாள். தடுப்புக்கு அப்பால் துருத்தி ஊதிக்கொண்டிருந்தது.

"சார், அந்த மூச்சு?"

"அழுது அழுது வாங்குது. வலி."

"இன்னொரு தரம் பாத்துடறேன் சார். என் குவளையில."

"குச்சியைப் பாத்துச் செலவு பண்ணுங்க. அடுத்த பாட்டில் எப்ப வருமோ" என்றார் அவர், அடுத்த தும்மலுக்கு முன்னால்.

ராசாத்தி சுவரோரக் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. பாவாடை நாடாவை ஊக்கு போட்டு இறுக்கியிருந்தது. தாய் மயிலம்மாள் எவர்சில்வர் டம்ளரில் குளுக்கோஸ் பொடியைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

அக்னஸ் குனிந்தாள். அந்த மூச்சுக் காற்று முகத்தில் பட்டது. கனிந்து அழுகத் தொடங்கின பழத்தின் வாசனை. மூக்கு அடைத்தவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்!

டம்ளரை மயிலம்மாள் கையிலிருந்து வாங்கி ஜன்னலில் வைத்தாள்.

"ஏங்க, டாக்டரே குடுக்கச் சொன்னாரு!"

"கொஞ்சம் பொறுங்கம்மா. இப்பக் குடுக்காதீங்க. புள்ளை மெலிஞ்சிருக்கே, எத்தனை நாளா?"

"பரீட்சைக்குப் படிக்கிறா. ரெண்டு மாசமா உடம்பு தேறலை. நல்லாத்தான் திங்கிறா, எங்க போவுதுன்னே தெரியலை."

"தண்ணி?"

"ஐயோ, அதை ஏன் கேக்குறீங்க. ஒரு குடம் பத்தாது. ராத்திரி நாலு தடவை கொல்லைக்கு எழுந்திருக்கிறா. அவ போன எடத்துல எறும்பு மொய்க்குது. எங்க மாமியாரு சொன்னாங்க, சூட்டு உடம்புன்னு. அதான் தேன் குடுத்தேன்."

எறும்பு. அந்த வீட்டு எறும்புகளுக்கு ரெண்டு மாசமாகத் தெரிந்திருக்கிறது.

"கண்ணு, எந்திரி. அத்தை தோளைப் பிடிச்சுக்க. கொஞ்சம் ஒண்ணுக்குப் போகணும்."

"இப்பத்தானே புடிச்சுக் கொண்டாந்தோம்!" மயிலம்மாள் குறுக்கே வந்தாள். "நிக்கவே முடியலை அதுக்கு. எத்தனை தரம் இழுத்தடிப்பீங்க? பாட்டில் சரியில்லைன்னா எங்க தப்பா? வேற பாட்டில் இல்லைங்க வீட்டுல."

"உங்க தப்பு இல்லைம்மா. பாட்டில் பேச்சை நம்பறதா, புள்ளை பேச்சை நம்பறதான்னு எனக்குத் தெரியணும். ஒரே ஒரு தரம்."

குளியலறையில் அவளைத் தாங்கிப் பிடித்தபடி அக்னஸ் காதோடு கேட்டாள்: "விலக்காயிருக்கியா கண்ணு?"

ராசாத்தி தலையசைத்தாள். பேச்சு மூச்சுக்கு நடுவே துண்டு துண்டாக வந்தது. "நேத்து... சொர்க்கவாசல் பாத்துட்டு வந்தப்புறம்... அம்மாகிட்ட சொல்லலை... திட்டும்..."

"நான் சொல்லமாட்டேன்."

கழுவிக் கொதிக்க வைத்துக் காய்ந்திருந்த கண்ணாடிக் குவளை. வீட்டுத் தண்ணீர் கூடப் படவில்லை. மேஜைக்கு வந்ததும் அக்னஸ் முதலில் ஒரு குச்சியை ஜெகபர் அலியின் மிச்சச் சிறுநீரில் நனைத்தாள். சற்றுமுன் போலவே சர்க்கரை ரெண்டு பிளஸ், கீட்டோன் இல்லை. ஆக, குச்சி கெட்டுப்போகவில்லை, குச்சிப் பாட்டிலின் மூடி இறுக்கமாகத்தான் இருந்திருக்கிறது. அடுத்த குச்சியை ராசாத்தியின் குவளையில் விட்டாள்.

விநாடி முள் நகர்ந்தது. தேன் போயே போய்விட்டது. சர்க்கரை போகவில்லை. கட்டம் அதே கரும்பழுப்புக்குப் போய் நின்றது. பக்கத்துக் கட்டம் அதே நாவல் நிறம்.

அவள் குச்சியை நெஞ்சுக்கு முன் விளக்கைப் போல ஏந்திக்கொண்டு ஓடினாள். அந்தக் கிளினிக்கில் அவள் ஓடியதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

"சார், புதுக் குவளை. என் கையால புடிச்சது. ரத்தம் விலக்குதான், கேட்டேன். புரதம் லேசு, தண்ணி வத்தின உடம்பு. அதை ரெண்டையும் விடுங்க. இந்த ரெண்டைப் பாருங்க. பட்டினின்னா கீட்டோன் மட்டும்தான் சார் வரணும். சர்க்கரை ஏன் வருது? மூச்சுல பழ வாசனை அடிக்குது. உங்களுக்குத் தெரியாது, மூக்கு அடைச்சிருக்கு."

டாக்டர் குச்சியை வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது. அவர் நாற்காலியைத் தள்ளிய வேகத்தில் அது கீழே விழுந்தது.

பிறகு நடந்ததெல்லாம் பத்து நிமிஷத்தில் நடந்தது. ராசாத்தியின் கையில் சலைன் ஏறியது, குளுக்கோஸ் இல்லாத சலைன். டாக்டர் தன் கையால் கடிதம் எழுதினார். தன் காரையே கொடுத்தார். பாலத்து நெரிசலில் ஹாரனை அடித்தபடி ஆற்றைத் தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அந்தக் கார் போனது. பின் சீட்டில் சலைன் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அக்னஸ். அவள் மடியில் ராசாத்தியின் தலை. "ஏகாதசி விரதம்தானே இருந்தா, என்ன பாவம் பண்ணினா" என்று மயிலம்மாள் வழி முழுக்க அழுதாள். விரதமும் காரணமில்லை, பாவமும் காரணமில்லை, உடம்பில் இன்சுலின் வற்றிப்போய் ரத்தம் முழுக்க அமிலமாகியிருக்கிறது என்று அந்தத் தாய்க்கு எப்படிச் சொல்வது? "பிழைச்சுக்குவா" என்று மட்டும் அக்னஸ் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே நிச்சயமில்லை.

இரண்டு நாள் இன்சுலினும் சலைனும் ஏறின. மூன்றாம் நாள் காலை ராசாத்தி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள்.

டாக்டர் பாக்கியநாதன் அக்னஸை அழைத்து ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. காலி அலமாரி ஒன்றைக் காட்டி, "இனிமே வீட்டுப் பாட்டில் வேணாம். நாமளே குவளை குடுப்போம்" என்றார். பிறகு, "எனக்குச் சளி இருந்தா முன்கூட்டியே சொல்லிடறேன்" என்றார். அது அவர் மன்னிப்புக் கேட்கும் விதம்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்னஸ் மாதா கோயில் பூசை முடிந்து வந்து பொன்மலை வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கதவு தட்டும் சத்தம். மயிலம்மாளும் ராசாத்தியும். கையில் வாழை இலையில் சுற்றிய மல்லிகைப் பந்து.

ராசாத்தி கொஞ்சம் சதை போட்டிருந்தாள். தோளில் ஒரு துணிப்பை. உட்கார்ந்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். தினம் நாலு வேளை குச்சியில் பார்த்த நிறம் அதில் எழுதியிருந்தது. கடைசிப் பக்கங்களில் சர்க்கரைக்கு நேரே வரிசையாக 'இல்லை, இல்லை, இல்லை'.

"பாத்தீங்களா?" மயிலம்மாளின் குரல் தழைந்தது. "ஒரு வாரமா சுத்தமா இல்லை. அதான் உங்களைத் தேடி வந்தோம். நீங்க சொன்னா அவங்கப்பா கேப்பாரு. ஊசியை நிறுத்திடலாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பொம்பளப் புள்ளை. தினம் ஊசி போடுறான்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டிக்குவான்? லால்குடியில ஒருத்தர் சூரணம் தராரு. ஒரு மண்டலத்துல வேரோட போயிடுமாம்."

அக்னஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே அமர்ந்தாள்.

"குவளையில புடிச்சுட்டு வா கண்ணு."

ராசாத்தியே தன் பையிலிருந்து குச்சியை எடுத்து நனைத்தாள். ராசாத்தியே அக்னஸின் கடிகாரத்தைப் பார்த்தாள். நேரத்துக்கு நேரம் படித்தாள். "சர்க்கரை இல்லை. கீட்டோன் இல்லை. ரத்தம் இல்லை. புரதம் இல்லை."

"அன்னிக்கு வந்த ரத்தமும் புரதமும் கிட்னிக் கோளாறு இல்லைன்னு இப்பத் தெரிஞ்சு போச்சு. அதை நான் இன்னொரு தரம் பாக்கணும்னு நெனைச்சேன். நிம்மதி." அக்னஸ் மயிலம்மாள் பக்கம் திரும்பினாள். "இப்ப இந்தச் சர்க்கரைக் கட்டம். இது நீலமா இருக்குறது நோய் போயிட்டதால இல்லைம்மா. காலையில ஊசி போட்டதால. ஊசியை நிறுத்துங்க, ரெண்டு மூணு நாள்ல இது பழுப்பாகும். அதுக்கப்புறம் பக்கத்துக் கட்டம் கறுக்கும். அதுக்கப்புறம் அந்த மூச்சு. உங்களுக்கு ஞாபகம் இருக்கா அந்த மூச்சு?"

மயிலம்மாளின் முந்தானை வாய்க்குப் போனது.

"என்கிட்ட ஒருத்தி வந்தா, பத்து வருஷம் முன்னாடி" என்று தொடங்கிய அக்னஸ் அதோடு நிறுத்திக்கொண்டாள். அது அவளுடைய பாரம். இவர்கள் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. "கல்யாணம் நடக்கும், நடக்காமலும் போகும். என்னைப் பாருங்க, நான் உசிரோடதானே இருக்கேன்? மொதல்ல உசிரு."

"அம்மா" என்றாள் ராசாத்தி. குரல் மெல்லியது, ஆனால் நடுங்கவில்லை. "நீ சூரணம் வாங்கினா வாங்கிக்க. நான் ஊசியை விடமாட்டேன். எனக்கு மூச்சு முட்டினது எனக்குத்தான் தெரியும்."

மயிலம்மாள் மகளை முதல் முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அக்னஸ் அழ விட்டாள். அடுப்படிக்குப் போய்க் காப்பி போட்டாள், ஒரு டம்ளருக்குச் சர்க்கரை போடாமல்.

"ஊசி மருந்தை எங்க வச்சிருக்கீங்க?"

"மண்பானைத் தண்ணிக்குள்ள, சின்னச் சட்டியில" என்றாள் மயிலம்மாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஃபிரிட்ஜ் பூக்கடைக்காரன் வீட்டுல ஏதுங்க."

"அது போதும். தண்ணியை மட்டும் மாத்துங்க. காய்ச்சலு, வாந்தின்னு வந்தா, சாப்பிடலைன்னு ஊசியை நிறுத்திடாதீங்க. அன்னிக்குத்தான் கீட்டோன் கட்டத்தை முக்கியமாப் பாக்கணும். ரோஜா நிறம் தட்டினா எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரி. அடுத்த ஏகாதசிக்கு..."

"அவளுக்கு விரதம் கிடையாதுங்க" என்று முந்திக்கொண்டாள் மயிலம்மாள். "அவளுக்கும் சேத்து நானே இருந்துக்கறேன். ரெங்கநாதருக்குக் கணக்கு சரியாப் போயிடும்."

ராசாத்தி களுக்கென்று சிரித்தாள்.

கிளம்பும்போது மயிலம்மாள் மல்லிகைப் பந்தைக் கையில் கொடுக்காமல், தானே ஒரு முழம் கிள்ளி அக்னஸின் கொண்டையில் செருகினாள். கர்த்தர் படத்துக்கு மீதி என்று சைகை காட்டினாள். அந்த வீட்டில் பூ வைத்துக்கொண்டு எத்தனை வருஷமாயிற்று என்று அக்னஸ் எண்ணிப் பார்க்கவில்லை.

"போயிட்டு வரேன் அத்தை."

"போயிட்டு வா. நோட்டை விட்டுட்டுப் போறியே."

ராசாத்தி திரும்பி வந்து நோட்டை எடுத்துத் துணிப்பைக்குள் வைத்தாள். உள்ளே கண்ணாடி சிரிஞ்சின் டப்பா லேசாகச் சத்தமிட்டது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். தாயும் மகளும் குவார்ட்டர்ஸ் தெரு முனை திரும்பும் வரை அக்னஸ் வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.